சான்றிதழ் போட்டோக்களை ஒரே பிடிஎஃப் ஆக்க எந்த வழி?

வேலை விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி வந்து நிற்கும்: சான்றிதழ்கள் அனைத்தையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக ஏற்றவும், அளவு 2 எம்பிக்கு மிகாமல். விண்ணப்பிப்பவரிடம் இருப்பதோ போன் கேலரியில் எப்போதோ எடுத்துப் போட்ட படங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் பூப்போட்ட மேசை விரிப்போடு சேர்ந்து சாய்வாக இருக்கும். லேமினேட் செய்த பட்டச் சான்றிதழின் நடுவில் டியூப்லைட் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். அனுபவச் சான்றிதழின் ஓரத்தில் யாருடைய கட்டைவிரலாவது தெரியும்.

இவற்றை ஒழுங்கான ஒரு கோப்பாக்க ஐந்து வழிகள் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. கேலரியிலிருந்தே பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப் ஆகச் சேமிக்கலாம். போனிலேயே ஸ்கேனர் செயலியைப் பயன்படுத்தலாம். இணையதளத்தில் ஏற்றி மாற்றலாம். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் அதில் செய்யலாம். ஒன்றும் வேண்டாம் என்று பிரவுசிங் சென்டருக்கே போய்விடலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைச் செயலியின் பெயரோ நட்சத்திர மதிப்பெண்ணோ முடிவு செய்வதில்லை. படத்தை எந்த இடத்தில் வெட்டுகிறோம், எத்தனை முறை சுருக்குகிறோம் என்ற இரண்டும்தான் முடிவு செய்கின்றன. ஒரே போட்டோவிலிருந்து தெளிவான பக்கமும் வரும், 3 எது 8 எது என்று தெரியாத பக்கமும் வரும்.

ஒப்பிட ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். பி.இ. முடித்து ஒரு வருடம் வேலை பார்த்த ஒருவர் புதிய நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறார். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், கல்லூரியின் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இரண்டு பக்க அனுபவச் சான்றிதழ் என்று மொத்தம் எட்டுப் பக்கம். இதில் சாதிச் சான்றிதழ் மட்டும் இ-சேவை மூலம் வாங்கியது, அது ஏற்கனவே பிடிஎஃப். மற்ற ஏழும் காகிதம்.

கொஞ்சம் கணக்கு

12 மெகாபிக்சல் கேமரா எடுக்கும் படம் 4000க்கு 3000 புள்ளி இருக்கும். ஒரு படம் 3, 4 எம்பி வரும். எட்டுப் பக்கத்தை 2 எம்பிக்குள் அடக்க வேண்டுமானால் பக்கத்துக்குச் சுமார் 250 கேபி. சில தளங்கள் 2 எம்பியை 2000 கேபி என்று கணக்கிடும், சில 2048 என்று கணக்கிடும். அதனால் மொத்தம் 1.8 எம்பியில் நிறுத்துவது நல்லது. அப்படியானால் பக்கத்துக்கு 230 கேபி.

கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் முடிகிற காரியம்தான். ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ., அதாவது 11.7 அங்குலம். அங்குலத்துக்கு 150 புள்ளி இருந்தால் மதிப்பெண் பட்டியலின் பொடி எழுத்தும் திரையில் நன்றாகப் படிக்க வரும். அதற்கு நீள வாக்கில் 1754 புள்ளி போதும். கேமரா கொடுத்த 4000இல் பாதிக்கு மேல் நமக்குத் தேவையே இல்லை. இதையே 100க்கு இறக்கினால் நீளம் 1170 புள்ளியாகிவிடும். பெயரும் பாடமும் அப்போதும் தெரியும். பதிவு எண்ணும் சான்றிதழ் வரிசை எண்ணும்தான் முதலில் மங்கும், சரிபார்ப்பவர் தேடுவதும் அந்த இரண்டையும்தான்.

இன்னொன்றும் உண்டு. ஜேபெக் படத்தில் வெள்ளைத் தாள் கொஞ்சம் இடம்தான் பிடிக்கும், பூப்போட்ட மேசை விரிப்பு நிறையப் பிடிக்கும். நுணுக்கமான கோலம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கேபி செலவாகும். மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்தில் வரும் மணல்மணலான புள்ளிகளும் அப்படித்தான். எனவே ஓரத்தை வெட்டாமல் சுருக்கினால், கிடைத்த 230 கேபியில் பெரும்பங்கை மேசை விரிப்பே சாப்பிட்டுவிடும், எழுத்துக்கு மிச்சம் கிடைக்காது. முதலில் வெட்டு, பிறகு சுருக்கு. எந்த வழியில் போனாலும் இந்த வரிசை மாறக்கூடாது.

சுருக்குவதும் ஒரே ஒரு முறைதான். நம் ஊரில் வழக்கமாக நடப்பது வேறு. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்புவார்கள், அது ஒரு முறை சுருக்கும். அவர் வேர்டில் ஒட்டி பிடிஎஃப் ஆக்குவார், அது இரண்டாவது. 5 எம்பி வந்துவிட்டதே என்று ஒரு தளத்தில் போட்டுக் குறைப்பார், அது மூன்றாவது. ஒவ்வொரு முறையும் எழுத்தின் விளிம்பில் கொஞ்சம் அழுக்கு சேரும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீளம் சுமார் 1600 புள்ளிக்கு வந்துவிடுகிறது. தாள் படம் முழுவதும் நிறைந்திருந்தால் அது தேறும். பாதிப் படம் மேசையாக இருந்தால் தேறாது. அனுப்பியே ஆக வேண்டுமென்றால் படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக இணைத்து அனுப்புங்கள், அப்போது கோப்பு அப்படியே போகும்.

கேலரியிலிருந்து பிரிண்ட்

எதையும் புதிதாக நிறுவ வேண்டாம் என்பதுதான் இந்த வழியின் பலம். ஆண்ட்ராய்டில் படத்தைத் திறந்து மெனுவில் Print கொடுத்தால் பிரிண்டர் இருக்கும் இடத்தில் Save as PDF வரும். தாள் அளவு அமெரிக்க லெட்டராக இருந்தால் ISO A4 என்று மாற்ற வேண்டும். ஐபோனில் இன்னும் எளிது. படங்களை Files செயலிக்குள் சேமித்து, வரிசையாகத் தேர்ந்தெடுத்து Create PDF கொடுத்தால் ஒரே கோப்பாகிவிடும். தேர்ந்தெடுத்ததில் ஏற்கனவே பிடிஎஃப் ஆக உள்ளது இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளும்.

ஆனால் இது படத்தை நேராக்குவதில்லை, சாய்வை எடுப்பதில்லை, நிழலைத் தொடுவதில்லை. இருப்பதை அப்படியே பக்கமாக்கும். அளவையும் நம்மால் கட்டுப்படுத்த முடியாது. ஒன்றிரண்டு படம், ஏற்கனவே நன்றாக வெட்டப்பட்டவை, அளவு வரம்பு இல்லாத மின்னஞ்சல் விண்ணப்பம் என்றால் இது போதும். எட்டுப் பக்கம் 2 எம்பி என்ற நம் உதாரணத்துக்கு ஒத்து வராது.

ஸ்கேனர் செயலி

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவ் செயலிக்குள்ளேயே ஸ்கேனர் இருக்கிறது. ஐபோனில் Notes செயலியில் Scan Documents என்று இருக்கும், 2017இல் வந்த ஐஓஎஸ் 11இலிருந்தே உண்டு. இரண்டும் தாளின் நான்கு மூலைகளைக் கண்டுபிடித்து, சாய்வை நிமிர்த்தி, ஓரத்தை வெட்டி, பக்கம் பக்கமாகச் சேர்த்து ஒரே பிடிஎஃப் தருகின்றன. அடோபி ஸ்கேனும் நல்ல செயலிதான், ஆனால் கணக்குத் திறந்து உள்ளே நுழைய வேண்டும். ‘கேம்ஸ்கேனர்ல போடு’ என்று இன்றைக்கும் பேச்சில் புழங்குகிறது. அந்தச் செயலி 2020 ஜூனில் இந்தியா தடை செய்த 59 செயலிகளில் ஒன்று. அதற்கு முந்தைய வருடமே அதன் ஆண்ட்ராய்டு பதிப்பில் இருந்த விளம்பர நிரலில் தீங்கான பகுதி இருப்பதைக் காஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டுபிடித்திருந்தது. எங்கிருந்தோ ஏபிகே இறக்கி அதைப் போட்டுக்கொள்ள எந்தத் தேவையும் இல்லை.

பழைய போட்டோவையே உள்ளே கொண்டுவர முடியுமா என்பது அடுத்த கேள்வி. டிரைவ் ஸ்கேனரிலும் அடோபி ஸ்கேனிலும் கேலரியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஐபோன் Notes ஸ்கேனரில் முடியாது, தாளை மறுபடி எடுக்க வேண்டும். சான்றிதழ் வீட்டில்தான் இருக்கிறது என்றால் எந்தப் போனாக இருந்தாலும் மறுபடி எடுப்பதே நல்லது என்பேன். பழைய படத்தைச் சரிசெய்ய ஆகும் நேரத்தில் புதிதாக எடுத்துவிடலாம். ஒளிக்கோடு விழுந்து மறைந்த மதிப்பெண்ணை எந்தச் செயலியும் திரும்பக் கொண்டுவராது.

லேமினேட் செய்தவற்றுக்கு ஒரு வழி உண்டு. ஃபிளாஷை அணைத்து, டியூப்லைட்டையும் அணைத்து, பகலில் ஜன்னலுக்குப் பக்கத்தில் தரையில் வையுங்கள். வெளிச்சம் மேலிருந்து விழாமல் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். அப்போது பிரதிபலிப்பு கேமராவுக்குள் வராமல் எதிர்ப்பக்கம் போய்விடும். போனைத் தாளுக்கு மிக அருகில் கொண்டுபோனால் உங்கள் நிழலே அதன்மேல் விழும், ஓரமும் வளையும். கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுத்தால் இரண்டும் தீரும். கீழே பளிச்சென்று வெள்ளையாக இருக்கும் தரை வேண்டாம். தாளின் விளிம்பைச் செயலி கண்டுபிடிக்கத் திணறும். அடர் நிறத்தில், கோலம் இல்லாத போர்வை போதும்.

இனி ஃபில்டர். பெரும்பாலான சான்றிதழ்கள் கெடுவது இங்கேதான். செயலிகள் தாளை ‘அழகாக்க’ ஆசைப்படும். கறுப்பு வெள்ளை வைத்தால் கோப்பு சிறியதாகும், எழுத்தும் கத்தி போல இருக்கும். ஆனால் அது ஒவ்வொரு புள்ளியையும் கறுப்பா வெள்ளையா என்று இரண்டில் ஒன்றாகத் தள்ளுகிறது. மதிப்பெண் பட்டியலில் உள்ள மாணவரின் படம் கரித்துண்டு ஆகிவிடும். ஊதா நிற ரப்பர் ஸ்டாம்ப் பாதி மறையும், பச்சை மையில் போட்ட கையெழுத்து எங்கோ இரண்டு கீற்றாக நிற்கும். பின்னணியில் ஓடும் பாதுகாப்புக் கோலம் அழுக்குத் திட்டுகளாக மாறும். சரிபார்ப்பவர் கண்ணுக்கு அது சான்றிதழின் ஜெராக்ஸின் ஜெராக்ஸ் போலத்தான் தெரியும். கலரிலேயே எடுங்கள். ஸ்டாம்ப் எதுவும் இல்லாத வெறும் எழுத்துப் பக்கத்துக்கு மட்டும் கிரேஸ்கேல் போதும்.

கறுப்பு வெள்ளையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினியியலாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கேனர்கள் எண்களையே மாற்றிப் போடுவதைக் கண்டுபிடித்தார். 6 இருந்த இடத்தில் 8 வந்தது. மங்கலாக அல்ல, அச்சு அசலாக. ஒரே மாதிரி தெரியும் எழுத்துகளை ஒன்றாகக் கருதி ஒரு படத்தையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஒரு சுருக்கும் முறைதான் காரணம். போன் செயலிகள் எல்லாம் அப்படிச் செய்கின்றன என்று சொல்லவில்லை. எண்தான் எல்லாமே என்று இருக்கும் ஒரு தாளை, அளவுக்காகக் கறுப்பு வெள்ளைக்குத் தள்ளும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

டிரைவ் ஸ்கேனரில் கறை, நிழல், விரல் ஆகியவற்றைத் துடைத்து எடுக்கும் கருவியும் இருக்கிறது. குறிப்புத் தாளுக்கு அது சரி. சான்றிதழில் அதைத் தொடாதீர்கள். கறை எது, மங்கிய முத்திரை எது என்று அதற்குத் தெரியாது. முத்திரை காணாமல் போன சான்றிதழை ஏற்றினால், வேண்டுமென்றே திருத்தியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். தானாக வெட்டும் கோட்டையும் ஒவ்வொரு பக்கத்திலும் பாருங்கள். சான்றிதழில் உள்ளே ஒரு கட்டம் அச்சிட்டிருந்தால் அதையே தாளின் ஓரம் என்று செயலி எடுத்துக்கொள்ளும். மேல் மூலையில் கட்டத்துக்கு வெளியே இருக்கும் வரிசை எண் அதோடு போய்விடும்.

இந்த வழியின் குறை அளவுதான். ஐபோன் Notes தரும் பிடிஎஃப் பருமனாக இருக்கும், எட்டுப் பக்கம் 2 எம்பியை எளிதாகத் தாண்டும். டிரைவ் பரவாயில்லை என்றாலும் உத்தரவாதம் இல்லை. எடுத்து முடித்ததும் கோப்பின் விவரத்தில் அளவைப் பாருங்கள். வரம்புக்குள் வந்தால் வேலை முடிந்தது. தாண்டினால் ஒரே ஒரு முறை சுருக்க வேண்டும், அதற்குத்தான் அடுத்த இரண்டு வழிகள்.

இணையதளமா, கம்ப்யூட்டரா?

ஐலவ்பிடிஎஃப், ஸ்மால்பிடிஎஃப் போன்ற தளங்களில் படத்தை பிடிஎஃப் ஆக்கலாம், சேர்க்கலாம், சுருக்கலாம். சுலபம், வேகம், போனிலேயே முடியும். நான் தயங்குவது எதற்கென்றால், உங்கள் பிறந்த தேதி, பெற்றோர் பெயர், பதிவு எண், முகவரி, கையெழுத்து எல்லாம் ஒரே கோப்பாகக் கட்டப்பட்டு இன்னொருவர் சர்வருக்குப் போகிறது. பெயர் தெரிந்த தளங்கள் குறிப்பிட்ட நேரத்தில் அழித்துவிடுவதாகச் சொல்கின்றன. தேடலில் முதலில் வரும் பெயர் தெரியாத தளங்களைப் பற்றி அப்படிக்கூடச் சொல்ல முடியாது. உலாவிக்குள்ளேயே வேலையை முடித்து, எதையும் வெளியே அனுப்பாத தளங்களும் உண்டு. சோதிக்க எளிய வழி இருக்கிறது. பக்கம் முழுவதும் திறந்த பிறகு, சான்றிதழாக இல்லாத ஏதாவது ஒரு படத்தை வைத்துக்கொண்டு நெட்டை அணைத்துவிட்டு மாற்றிப் பாருங்கள். மாற்றினால் கோப்பு போனைத் தாண்டவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தால் அது சர்வரில்தான் நடக்கிறது.

ஐலவ்பிடிஎஃப்பில் சுருக்க மூன்று நிலை இருக்கும். Extreme என்பதைத் தொட வேண்டாம், Recommended கொடுத்து அளவு வருகிறதா பாருங்கள். வரவில்லையென்றால் அந்த விளைவை மறுபடி ஏற்றாமல், பெரிய கோப்பிலிருந்தே மீண்டும் தொடங்குங்கள்.

கம்ப்யூட்டர் இருந்தால் எல்லாமே நம் கையில். வரம்பு இறுக்கமாக இருக்கும்போது நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். படங்களை முதலில் போனிலேயே வெட்டி நேராக்கி, கேபிள் வழியாகக் கொண்டுவந்து, 01.jpg, 02.jpg என்று பெயரிடுங்கள். வெறும் 1, 2 என்று பெயரிட்டால், பத்துப் பக்கத்துக்கு மேல் போகும்போது 10 வந்து 1க்கும் 2க்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். ஐபோன் படங்கள் HEIC வடிவில் இருந்தால் ஜேபெக் ஆக மாற்றிக்கொள்ள வேண்டும். லினக்ஸில் இமேஜ்மேஜிக், img2pdf இரண்டும் நிறுவியிருந்தால் மூன்றே வரி:

```
mkdir small
mogrify -path small -auto-orient -strip -resize '1754x1754>' -quality 60 *.jpg
img2pdf --pagesize A4 --auto-orient small/*.jpg -o scan.pdf
```

நடு வரிதான் முக்கியம். நீளமான பக்கத்தை 1754 புள்ளிக்கு இறக்கி, தரத்தை 60இல் வைக்கிறது. -auto-orient இல்லாவிட்டால் போனில் நேராகத் தெரிந்த படம் பிடிஎஃப்பில் படுத்துக்கொள்ளும். எந்தப் பக்கம் மேலே என்பதைப் போன் ஒரு குறிப்பாகத்தான் எழுதி வைக்கிறது, படத்தைத் திருப்பி வைப்பதில்லை. -strip அந்த மாதிரிக் குறிப்புகளை நீக்குகிறது. போட்டோ எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பு இருந்தால் அதுவும் போகும். உங்கள் வீடு எங்கே என்று நிறுவனத்துக்குப் படத்தின் வழியாகச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது வரி ஜேபெக்கை மறுபடி சுருக்காமல் அப்படியே பிடிஎஃப்புக்குள் வைக்கிறது. ஆக மொத்தம் ஒரே ஒரு சுருக்கல்.

கட்டளை தட்டப் பிடிக்காதவர்கள் விண்டோஸில் எல்லாப் படத்தையும் தேர்ந்தெடுத்து Print கொடுத்து Microsoft Print to PDF வழியாகப் போகலாம். படம் தாளில் நிறைய வேண்டும் என்பதற்கான டிக் போட்டிருந்தால் ஓரங்களை வெட்டிவிடும், அதை எடுத்துவிடுங்கள். வேர்டில் ஒட்டும் பழைய வழியும் தவறில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு படம், மூலையைப் பிடித்து மட்டும் இழுக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் சான்றிதழில் இருப்பவரின் முகம் சப்பையாகிவிடும்.

பிரவுசிங் சென்டர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அங்குள்ள கண்ணாடி ஸ்கேனர் நேரான, நிழல் இல்லாத பக்கம் தரும், லேமினேட் செய்ததற்கும் போனைவிட நன்றாக வரும். ஏ4ஐவிடப் பெரிய பட்டச் சான்றிதழ் மட்டும் கண்ணாடியில் அடங்காது. கலர், 200 டிபிஐ, ஒரே பிடிஎஃப் என்று மூன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கறுப்பு வெள்ளையில் தனித்தனியாக வரும். கிளம்பும் முன் அவர்கள் டெஸ்க்டாப்பில் இருக்கும் உங்கள் கோப்பையும், திறந்திருக்கும் மெயிலையும் கவனியுங்கள்.

ஏற்கனவே பிடிஎஃப் ஆக இருப்பவை

நம் உதாரணத்தில் எட்டாவது பக்கம் சாதிச் சான்றிதழ். இதை பிரிண்ட் எடுத்து, அந்த பிரிண்ட்டைப் போட்டோ எடுத்துச் சேர்ப்பவர்கள் நிறையப் பேர். வேண்டாத வேலை. அதில் எழுத்து எழுத்தாகவே இருக்கிறது, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது, போட்டோவைவிட இடமும் பெரும்பாலும் குறைவு. பக்கமாகவே நடுவில் செருக வேண்டும். ஐபோனில் Files செய்துவிடும். கம்ப்யூட்டரில் பிடிஎஃப்சாம் பேசிக் இலவசம், நெட் தேவையில்லை. qpdf இருந்தால்:

```
qpdf --empty --pages scan.pdf 1-5 community.pdf 1 scan.pdf 6-7 -- certificates.pdf
```

ஸ்கேன் செய்த முதல் ஐந்து பக்கம், பிறகு சாதிச் சான்றிதழ், கடைசியில் அனுபவச் சான்றிதழின் இரண்டு பக்கம்.

இங்கே ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இ-சேவை சான்றிதழில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. அது அந்தக் கோப்பு முழுவதையும் பூட்டியிருக்கும் முத்திரை, பக்கத்தில் தெரியும் படம் அல்ல. வேறு கோப்போடு சேர்த்த உடனே அந்த முத்திரை செல்லாது. பக்கத்தில் இருக்கும் க்யூஆர் குறியீடு மட்டும் தங்கும். அதைப் படம் மங்கவிடாமல் வைத்திருந்தால் ஸ்கேன் செய்து சரிபார்க்க முடியும். ஒரே கோப்பு கேட்டால் சேர்த்துத்தான் ஆக வேண்டும், அதில் தவறில்லை. கையொப்பம் உள்ள மூலக் கோப்பைத் தனியாக வைத்திருந்து, சரிபார்ப்பின்போது கேட்டால் அதைக் கொடுங்கள்.

டிஜிலாக்கரில் தமிழ்நாடு அரசின் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்களை எடுக்க முடிகிறவர்கள், அந்த இரண்டு பக்கத்துக்கும் போட்டோ எடுக்க வேண்டியதே இல்லை. 2017இல் வந்த விதித் திருத்தத்தின்படி, வழங்கிய அலுவலகத்திலிருந்து நேரடியாக அங்கே வரும் ஆவணம் அசலுக்குச் சமம். நீங்களே போட்டோ எடுத்து டிஜிலாக்கரில் ஏற்றி வைத்ததற்கு அந்த மதிப்பு கிடையாது. இரண்டும் ஒரே செயலியில் இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆதார் கேட்டால் மட்டும் வையுங்கள். முதல் எட்டு எண்ணை மறைத்த வடிவம் ஆதாரை வழங்கும் யுஐடிஏஐ தளத்திலேயே கிடைக்கும், ஏற்றுக்கொண்டால் அதுவே போதும். இறக்கிய இ-ஆதாரில் கடவுச்சொல் இருக்கும், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும் சேர்ந்தது. அதைத் திறந்து, பிரிண்ட் வழியாக மறுபடி பிடிஎஃப் ஆகச் சேமித்த பிறகு சேர்க்கவும். பூட்டோடு சேர்த்தால் சேர்க்கும் கருவி பிழை காட்டும், பூட்டோடு தனியாக அனுப்பினால் எதிர்முனையில் திறக்காது.

சுய சான்றொப்பம் கேட்கும் இடங்களில் அசலின் மேல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நல்ல கலர் ஜெராக்ஸ் எடுத்து, அதில் நீல மையில் கையெழுத்திட்டு, அந்த ஜெராக்ஸைத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும்.

அப்படியானால் நம் பட்டதாரி என்ன செய்வது? அவரிடம் போன் மட்டும் இருந்தால், ஜன்னலோரம் ஏழு காகிதத்தையும் டிரைவ் ஸ்கேனரில் கலரில் எடுத்து, அளவு பார்த்து, தாண்டினால் ஒரு முறை மட்டும் சுருக்கி, சாதிச் சான்றிதழை உலாவிக்குள்ளேயே சேர்க்கும் தளத்தில் சேர்க்கலாம். ஐபோன் என்றால் சேர்ப்பது Files செயலியிலேயே முடியும், சுருக்க மட்டும் வெளியே போக வேண்டியிருக்கும். கம்ப்யூட்டர் இருந்தால் மேலே உள்ள கட்டளைகள். தரம் 60இல் ஒரு பக்கம் பெரும்பாலும் 150 முதல் 300 கேபிக்குள் நிற்கும். மொத்தம் கொஞ்சம் தாண்டினால் தரத்தை 50க்கு இறக்குங்கள், 1754ஐக் குறைக்காதீர்கள்.

ஏற்றும் முன் கோப்பை வேறொரு போனில் திறந்து, ஒவ்வொரு பக்கத்திலும் ஆகப் பொடியான எண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். அசலைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள், நினைவிலிருந்து அல்ல. தெரிந்த எண் என்பதால் மங்கலாக இருந்தாலும் கண் தானாகப் படித்துவிடும். கோப்பின் பெயரில் தமிழ் எழுத்து, இடைவெளி, அடைப்புக்குறி வேண்டாம், சில பழைய தளங்கள் அவற்றை ஏற்காமல் காரணமும் சொல்லாமல் திருப்பி அனுப்பும். ஆங்கிலத்தில் உங்கள் பெயர், அடிக்கோடு, Certificates என்று இருந்தால் போதும். வெட்டி நேராக்கிய, ஆனால் சுருக்காத படங்களைத் தனி ஃபோல்டரில் விட்டு வையுங்கள். அடுத்த நிறுவனம் ஒவ்வொரு சான்றிதழையும் 200 கேபிக்குள் தனித்தனியாகக் கேட்கும்.